'அடுத்த ரெண்டு' என்றால் எந்த ரெண்டு? பவுலிங் ஸ்கோரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை லீவு விட்டால் பாளையங்கோட்டை மொட்டை மாடிகளில் பவுலிங்கும் நடக்கிறது. பத்து தண்ணி பாட்டில், ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி மணல், முன்னால் ஒன்று, அதன் பின்னால் இரண்டு, மூன்று, நான்கு என்று முக்கோணமாக நிறுத்தி ரப்பர் பந்தை உருட்டுகிறார்கள். பெரிய ஊர் மாலில் மெஷின் தானே ஸ்கோர் போட்டுவிடும். இங்கே பழைய நோட்டின் பின்பக்கம்தான் ஸ்கோர் ஷீட். ஆட்டம் முடிந்ததும் சண்டை வருவது அந்தப் பக்கத்தை வைத்துத்தான்.

கூட்டல் பிழை, பெயர் மாற்றி எழுதுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தானாகவே கண்ணில் படும். கண்ணில் படாத ஒரு தவறுதான் ஆட்டத்தையே மாற்றிவிடுகிறது.

போனஸை ஃபிரேம் கணக்கில் எண்ணுவது

விதி சின்னது. ஆட்டம் பத்து ஃபிரேம்; ஃபிரேம் என்றால் ஒருவர் ஒரு முறை ஆடுவது, அதில் அதிகபட்சம் இரண்டு பந்து, நோட்டில் அதற்கு ஒரு கட்டம்; பத்தாவதில் மட்டும் கூடுதல் பந்து வரலாம். முதல் பந்திலேயே பத்தும் விழுந்தால் ஸ்ட்ரைக்: 10, அதோடு அடுத்து உருட்டும் இரண்டு பந்துகளில் விழுந்தவை. இரண்டு பந்தில் பத்தும் விழுந்தால் ஸ்பேர்: 10, அதோடு அடுத்த ஒரே ஒரு பந்தில் விழுந்தவை. இரண்டு பந்துக்குப் பிறகும் ஏதாவது நின்றால் விழுந்தது மட்டும்தான் கணக்கு.

இதைச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் அவசரத்தில் "ஸ்ட்ரைக்னா அடுத்த ரெண்டைக் கூட்டிக்கோ" என்று முடித்துவிடுகிறார்கள். எந்த இரண்டு? நோட்டில் பையன் கண்ணுக்குத் தெரிவது கட்டங்கள். அவன் அடுத்த இரண்டு கட்டங்களைக் கூட்டுகிறான். ஒரு மாடியில் போன மாதம் நடந்த பேச்சு இது:

"ஏல, 212 எப்படிலே வந்துச்சு?"

"அண்ணே, ஸ்ட்ரைக்குக்கு அடுத்த ரெண்டைக் கூட்டணும்னு நீங்கதான சொன்னீய."

"ரெண்டு பந்துலே! ரெண்டு கட்டம்னு யாரு சொன்னா?"

அந்தச் சின்னவன் எழுதியிருந்த ஆட்டம் இது. X என்றால் ஸ்ட்ரைக், சாய்கோடு ஸ்பேர், சிறு கோடு பூஜ்யம்.

```
7 2 | 6 / | X | X | 8 1 | 9 / | - 8 | X | 7 / | X 9 /
```

முதல் ஃபிரேமில் 9. இரண்டாவது ஸ்பேர்; அடுத்த பந்து ஸ்ட்ரைக், அதனால் 10 + 10 = 20. மொத்தம் 29. சின்னவனும் 29தான் எழுதியிருந்தான். அடுத்த ஃபிரேம் முழுவதையும் கூட்டினாலும் இங்கே அதே பத்துதான் வரும். தவறான முறை முதலில் சரியான விடையைத் தருவதால்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை.

மூன்றாவது ஸ்ட்ரைக். அடுத்த பந்தும் ஸ்ட்ரைக், 10. அதற்கடுத்த பந்து ஐந்தாவது ஃபிரேமின் முதல் பந்து, 8. ஆக 10 + 10 + 8 = 28, மொத்தம் 57. சின்னவன் ஐந்தாவது ஃபிரேமின் ஒன்பதையும் சேர்த்து 29 போட்டிருந்தான். ஒன்றுதான் வித்தியாசம், யாரும் கவனிக்கவில்லை.

நான்காவதில் வழுக்கல் பெரிதாகிறது. இதுவும் ஸ்ட்ரைக். அடுத்த இரண்டு பந்துகள் 8, 1. இரண்டும் ஒரே ஃபிரேமில் முடிந்துவிடுகின்றன. 10 + 9 = 19, மொத்தம் 76. அவனோ ஐந்தாவது ஃபிரேமையும் ஆறாவது ஃபிரேமையும் கூட்டி 29 போட்டான். பத்து அதிகம்.

ஐந்தாவது 9, மொத்தம் 85. ஆறாவது ஸ்பேர், அடுத்த பந்து ஓரமாகப் போய் பூஜ்யம். போனஸும் பூஜ்யம்தான்: 10, மொத்தம் 95. இரண்டாவது பந்தில் விழுந்த எட்டுக்கும் இந்த ஸ்பேருக்கும் சம்பந்தம் இல்லை. அவன் அந்த எட்டையும் கூட்டி 18 ஆக்கியிருந்தான். ஏழாவது 8, மொத்தம் 103.

எட்டாவது ஸ்ட்ரைக், அடுத்த இரண்டு பந்துகள் 7, 3. ஆக 20, மொத்தம் 123. ஒன்பதாவது ஸ்பேர், அடுத்த பந்து ஸ்ட்ரைக். அதுவும் 20, மொத்தம் 143. பத்தாவதில் 10 + 9 + 1 = 20. ஆட்டம் 163. நோட்டில் இருந்ததோ 212; நாற்பத்தொன்பது புள்ளி காற்றில் வந்தது.

இதைப் பிடிக்கக் கணக்குப் புலியாக இருக்க வேண்டாம். ஒரு ஸ்ட்ரைக் ஃபிரேம் 30-ஐத் தாண்டவே முடியாது; அடுத்த இரண்டு பந்தும் ஸ்ட்ரைக் ஆனால்தான் முப்பதே வரும். ஸ்பேர் 20-ஐத் தாண்டாது. சின்னவனின் எட்டாவது ஃபிரேமில் 40, ஒன்பதாவதில் 30 இருந்தது. அந்த இரண்டு கட்டத்தைப் பார்த்த உடனே பேனாவைக் கீழே வைத்திருக்க வேண்டும். இன்னொரு அடையாளமும் உண்டு: ஸ்ட்ரைக்குக்கு அடுத்து ஸ்பேர் வந்தால் அந்த ஸ்ட்ரைக் ஃபிரேம் எப்போதுமே சரியாக 20. ஸ்பேரை 7, 3 என்று எடுத்தாலும் 2, 8 என்று எடுத்தாலும் மாறாது. ஷீட்டில் அந்த இடத்தில் வேறு எண் இருந்தால், போட்டவர் பந்தை எண்ணவில்லை.

சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: "அடுத்த ரெண்டு" என்று நிறுத்தாதீர்கள். "அடுத்த ரெண்டு பந்து" என்று முழுசாகச் சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லை விழுங்கியதால்தான் நன்றாக ஆடிய பையனிடம் மற்றவர்கள் சண்டைக்கு நின்றார்கள்.

மொத்தத்தை அவசரமாக எழுதுவது

ஸ்ட்ரைக் விழுந்ததும் கட்டத்தில் X மட்டும் போடுங்கள். கீழே மொத்தம் எழுதும் இடம், அடுத்த இரண்டு பந்து உருளும்வரை காலியாகவே இருக்கட்டும். தொடர்ந்து இரண்டு ஸ்ட்ரைக் வந்தால் இரண்டு இடம் காலியாக நிற்கும். அதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். மூன்றாவது பந்தில் முதலாவது நிரம்பும். காலியிடத்தைப் பொறுக்காமல் பத்தோ இருபதோ எழுதிவிட்டால், பிறகு போனஸைத் திருப்பிச் சேர்க்க யாருக்கும் நினைவு வராது. அதன் பின்னால் உள்ள எல்லா மொத்தமும் குறைந்தே ஓடும்.

பூஜ்யத்தை எழுதாமல் விடுவது

ஒன்றும் விழாத பந்தும் பந்துதான். கோடு போடாமல் விட்டால், ஆறாவது ஃபிரேமின் ஸ்பேர் அடுத்த பந்தைத் தேடிப் போய் எட்டைப் பிடித்துக்கொள்ளும்.

முதல் பந்து பூஜ்யம், இரண்டாவதில் பத்து

ஸ்பேர். ஸ்ட்ரைக் அல்ல.

பத்தாவது ஃபிரேமை இரண்டு முறை கூட்டுவது

பத்தாவதில் ஸ்ட்ரைக் என்றால் இன்னும் இரண்டு பந்து, ஸ்பேர் என்றால் இன்னும் ஒன்று. அந்தக் கூடுதல் பந்துகளுக்குத் தனியாகப் போனஸ் கிடையாது. விழுந்த பாட்டில்களை ஒரு முறை கூட்டினால் முடிந்தது. மேலே உள்ள ஆட்டத்தில் X, 9, ஸ்பேர். "ஸ்ட்ரைக்குக்கு 20, கூடுதல் பந்துகளுக்கு இன்னொரு 10" என்று 30 போடுகிறவர்கள் அந்தப் பத்தை இரண்டு முறை எண்ணுகிறார்கள்.

சண்டை தீராவிட்டால் வேறு வழியில் கூட்டிப் பாருங்கள். முதலில் போனஸை மறந்து, எல்லாப் பந்திலும் விழுந்த பாட்டில்களை மட்டும் கூட்டுங்கள்: இந்த ஆட்டத்தில் 106. பிறகு முதல் ஒன்பது ஃபிரேம்களின் போனஸை மட்டும் தனியாகக் கூட்டுங்கள்: 10, 18, 9, 0, 10, 10, ஆக 57. இரண்டும் சேர்ந்து 163.