துபாய் கராமாவில் 2 பெட்ரூம் வீடு காலியாகிறது, பர்ஜுமான் மெட்ரோ நடக்கும் தூரம்

நாங்கள் ஊருக்குத் திரும்புகிறோம், அதனால் கராமாவில் நாங்கள் இருக்கும் 2 பெட்ரூம் வீடு அடுத்த மாதக் கடைசியில் காலியாகிறது. வாடகை வருடத்துக்கு 96,000 திர்ஹாம், 4 செக். கட்டட நிர்வாகக் கம்பெனியிடமே நேரடி ஒப்பந்தம், ஏஜெண்ட் கமிஷன் கிடையாது, எனக்கும் எதுவும் தர வேண்டாம். குடும்பங்களுக்கு மட்டும்தான் தருவார்கள்.

பழைய கட்டடம், ஆனால் அறைகள் தாராளம். சமையலறை தனியாகக் கதவு வைத்தது, தாளிக்கிற நெடி ஹாலுக்கு வராது, இது புதுக் கட்டடங்களில் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. கேஸ் சிலிண்டர்தான். 2 பாத்ரூம், ஒரு சின்ன பால்கனி. ஏசி சில்லர் ஃப்ரீ, அதாவது குளிரூட்டும் செலவு வாடகைக்குள்ளேயே அடக்கம், ஆகஸ்டில் கரண்ட் பில்லைப் பார்த்து அதிர வேண்டியதில்லை. குறையையும் சொல்லிவிடுகிறேன்: இரண்டாவது பெட்ரூமுக்கு வெளிச்சம் குறைவு, கார் நிறுத்த இடம் இல்லை.

கார் இல்லாமலே சமாளிக்கலாம் என்பதுதான் இந்த வீட்டின் பெரிய வசதி. பர்ஜுமான் ஸ்டேஷன் ஏழெட்டு நிமிட நடை. ரெட் லைனும் கிரீன் லைனும் சந்திக்கிற இடம் அது, அதனால் விமான நிலையத்துக்கும் சரி, மெரினா பக்கம் ஆபீஸ் உள்ளவர்களுக்கும் சரி, வண்டி மாறாமல் போகலாம். கிரீன் லைனில் அடுத்த ஸ்டேஷனே ஊத் மேத்தா, இந்தியப் பள்ளியும் செயின்ட் மேரீஸ் சர்ச்சும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மெட்ரோ காலை 8 மணிக்குத்தான் தொடங்கும், அதிகாலைப் பூசைக்கு டாக்சிதான். முருங்கைக்காய், கறிவேப்பிலை, இட்லி மாவு எல்லாம் தெருவிலேயே.

சரி, புதிதாக வருகிறவர்கள் மாட்டிக்கொள்கிற இடம் செக். இங்கே வாடகையை மாதாமாதம் தருவதில்லை, வருட வாடகையை நாலாகப் பிரித்து, தேதி போட்ட செக்குகளை மொத்தமாக முதலிலேயே கொடுத்துவிட வேண்டும். செக் புத்தகத்துக்கு பேங்க் கணக்கு வேண்டும், அதற்கு எமிரேட்ஸ் ஐடி வேண்டும், அது விசா வேலை முடிந்தால்தான் வரும். ஆகவே வந்து இறங்கிய வாரமே வீடு பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். கம்பெனி உங்களுக்காக வாடகை செக்கைக் கொடுத்துவிட்டு சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுமா என்று எச்ஆரிடம் முதலில் கேளுங்கள். இல்லையென்றால் ஐடி வரும்வரை மாத வாடகை ஹோட்டல் அபார்ட்மெண்டில் இருந்துவிட்டு அப்புறம் வீடு தேடுவது நல்லது. செக் தேதியில் கணக்கில் பணம் இல்லாவிட்டால் நேராக நீதிமன்றம் மூலமே வசூலிக்க முடியும், அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த வீட்டுக்குச் சாவி வாங்கக் கையில் எவ்வளவு வேண்டும் என்று பார்ப்போம். முதல் செக் 24,000. டெபாசிட் வாடகையில் 5 சதவீதம், 4,800. எஜாரி என்கிற வாடகை ஒப்பந்தப் பதிவுக்கு 220 அளவில். தண்ணீர், கரண்ட் தரும் தேவா நிறுவனத்தில் டெபாசிட் 2,000, இணைப்புக் கட்டணம் நூற்றுச் சொச்சம். மொத்தம் சுமார் 31,200 திர்ஹாம். ஏஜெண்ட் வழியாகப் போனால் இதே வாடகைக்கு 5 சதவீதமும் வரியுமாக இன்னொரு 5,040 சேரும். இதைத் தவிர வாடகையில் 5 சதவீதம் ஹவுசிங் ஃபீ உண்டு, அது மாதம் 400 என்று தேவா பில்லிலேயே வரும், புதிதாக வந்தவர்கள் பில்லில் தப்பு என்று சண்டைக்குப் போவது இதைப் பார்த்துத்தான்.

எஜாரி என்பது வாடகை ஒப்பந்தத்தை அரசிடம் பதிவு செய்வது. மனைவி, பிள்ளைகளை விசாவில் அழைக்க அதைக் கேட்பார்கள், அதனால் யார் ஸ்பான்சரோ அவர் பெயரில்தான் ஒப்பந்தம் இருக்க வேண்டும். கூட இருக்கிறவர்களை Dubai REST ஆப்பில் சேர்க்க வேண்டும். வாடகையை ஈடுகட்ட ஹாலில் பலகை அடித்து ஆள் வைக்கலாம் என்ற யோசனை இருந்தால் இந்த வீடு வேண்டாம், அது சட்டப்படி தப்பு, கட்டடக் காவலாளியான நாத்தூரும் விட மாட்டார்.

எந்த வீடாக இருந்தாலும் நேரில் பார்க்காமல் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். செக்கை ஒப்பந்தத்தில் இருக்கும் உரிமையாளர் அல்லது நிர்வாகக் கம்பெனி பெயரில் மட்டும் எழுதுங்கள், ஏஜெண்டின் சொந்தப் பெயரில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். சாவி வாங்கிய அன்றே சுவர், குழாய், ஏசி எல்லாவற்றையும் போட்டோ எடுத்து நிர்வாகத்துக்கு மெயில் போட்டுவிடுங்கள், டெபாசிட் திரும்ப வாங்கும்போது அதுதான் பேசும்.

வார நாட்களில் மாலை 6 மணிக்கு மேல், சனி ஞாயிறு எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், முந்தைய நாள் ஒரு செய்தி போட்டுவிடுங்கள். கட்டிலும் வாஷிங் மெஷினும் வேண்டுமென்றால் விலை பேசிக்கொள்ளலாம்.