புகார் வந்ததும் அனுப்ப வேண்டிய முதல் பதிலை எழுதுவது எப்படி?

இந்தியாவில் 2020-ஆம் ஆண்டு வந்த மின்வணிக விதிகளின்படி, இணைய விற்பனை நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் ஒரு புகாரைப் பெற்றுக்கொண்டதை 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் அதைத் தீர்த்துவைக்க வேண்டும். ஆனால் 48 மணி நேரம் என்பது சட்டம் பொறுத்துக்கொள்ளும் எல்லை மட்டுமே. பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவருக்கு அது மிக நீண்ட நேரம்.

இணையத்தில் சேலை விற்கும் ஒரு சிறு கடைக்குப் புதன்கிழமை மாலை 6.40-க்கு இப்படி ஒரு புகார் வருகிறது என்று கொள்வோம்: “அரக்குச் சேலை கேட்டேன், பச்சை வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு.”

முதலில் புகாரை இருமுறை படித்து, என்ன தவறு நடந்தது, அவருக்கு எப்போது என்ன தேவை என்ற இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் பலர் தவறவிடுவது இரண்டாவதைத்தான். இங்கே நிறம் மாறியதைவிட ஞாயிற்றுக்கிழமைதான் முக்கியம்.

அடுத்து, எப்போது பதில் சொல்ல முடியும் என்பதைக் கணக்கிடுங்கள். கிடங்கு காலை 10 மணிக்குத் திறக்கிறது. இருப்பைப் பார்க்க ஒரு மணி நேரம் போதும். சனிக்கிழமைக்குள் சேலை போய்ச் சேர வேண்டுமானால் வியாழன் மாலைக்குள் கூரியரில் கொடுத்தாக வேண்டும். ஆகவே, இடையில் ஏற்படும் தாமதத்துக்கும் இடம்விட்டு, வியாழன் பகல் 1 மணி என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி பதிலை எழுதி, அன்று மாலையே அனுப்புங்கள்:

“வணக்கம் அம்மா. அரக்குச் சேலைக்குப் பதிலாகப் பச்சைச் சேலை வந்திருப்பதையும், ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு என்பதையும் படித்தேன். எங்கள் தவறுக்கு வருந்துகிறோம். உங்கள் புகார் எண் 47. நாளை காலை கிடங்கு திறந்ததும் அரக்குச் சேலை இருக்கிறதா என்று நானே பார்க்கிறேன். இருந்தாலும் இல்லாவிட்டாலும், நாளை வியாழன் பகல் 1 மணிக்குள் உங்களை அழைத்துச் சொல்கிறேன். அதுவரை பச்சைச் சேலையை மடிப்புக் கலைக்காமல் வைத்திருங்கள்.”

‘இருந்தாலும் இல்லாவிட்டாலும்’ என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். நீங்கள் உறுதியளிப்பது தகவல் சொல்லும் நேரத்தைத்தான், தீர்வை அல்ல. இருப்பைப் பார்ப்பதற்கு முன்பே ‘மாற்றி அனுப்பிவிடுகிறோம்’ என்று எழுதிவிட்டு, பிறகு சேலை இல்லை என்றால், ஒரு புகார் இரண்டாகிவிடும். ‘விரைவில்’ என்று எழுதினால் அவர் மறுநாள் காலையே மீண்டும் கேட்பார். ‘24 மணி நேரத்தில்’ என்றால் எப்போதிலிருந்து என்ற குழப்பம் வரும். கிழமையும் மணியும் எழுதினால் அந்த இரண்டுமே எழாது.

வியாழன் பகல் 12.30 ஆகியும் கிடங்கிலிருந்து விவரம் வரவில்லை என்றால், 1 மணி ஆகும்வரை காத்திருக்காமல் அப்போதே அழையுங்கள்: “இன்னும் விவரம் வரவில்லை அம்மா. 3 மணிக்கு மீண்டும் அழைக்கிறேன். கூரியர் எடுக்க மாலை 6 மணி வரை நேரம் இருக்கிறது.”