வாடிக்கையாளருக்கு அனுப்பும் முன் காணொளியை இறுதியாகப் பார்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இறுதிப் பார்வையில் பலரும் செய்யும் முதல் தவறு, எக்ஸ்போர்ட் ஆகி வந்த கோப்பைத் திறக்காமல், எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனையே மீண்டும் ஓடவிட்டுப் பார்த்துத் திருப்தியடைவதாகும். டைம்லைனில் ஓடுவது மூலக் கிளிப்புகளிலிருந்து அந்தந்த நொடியில் திரட்டிக் காட்டப்படும் காட்சி. வாடிக்கையாளர் கைக்குப் போவதோ அவற்றிலிருந்து புதிதாகக் கணக்கிட்டு எழுதப்பட்ட வேறொரு கோப்பு. எப்போதோ குறித்துவைத்த முடிவுப் புள்ளி நீக்கப்படாமல் இருந்து கடைசி நான்கு நொடிகள் வெட்டுப்படுவதும், தெளிவு குறைந்த முன்னோட்டக் கோப்புகளே எக்ஸ்போர்ட்டில் கலந்துவிடுவதும், ரெண்டர் செய்கையில் ஓரிடத்தில் படம் கட்டங்கட்டமாகச் சிதைவதும் டைம்லைனில் எத்தனை முறை பார்த்தாலும் தெரியாது. ஆகவே பார்க்க வேண்டியது அனுப்பப்போகும் அதே கோப்பைத்தான். இணைப்பாக அனுப்புவதென்றால், பதிவேற்றி முடித்தபின் அந்த இணைப்பிலிருந்து தரவிறக்கி, எடிட்டிங் மென்பொருள் அல்லாத ஒரு பிளேயரில், முழுத்திரையில் பார்க்க வேண்டும்.

இரண்டாவது தவறு, விசைப்பலகையில் கையை வைத்துக்கொண்டு பார்ப்பது. ஒரு பிழை கண்ணில் பட்டதும் நிறுத்தி, திருத்தி, மீண்டும் அங்கிருந்து தொடர்ந்தால், தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே பதிப்பை யாருமே பார்த்திருக்க மாட்டார்கள். தாளில் நேரத்தையும் பிழையையும் ஒரு வரியில் குறித்துக்கொண்டு காணொளியை ஓடவிட வேண்டும். திருத்தமெல்லாம் கடைசி நொடி ஓடி முடிந்த பிறகுதான்.

எதைத் தேட வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 12 நிமிடப் பயிற்சிக் காணொளி ஒன்று, நொடிக்கு 25 ஃபிரேம். அதன் 7 நிமிடம் 14ஆம் நொடியில் இரண்டு கிளிப்புகளுக்கு இடையே ஒரேயொரு ஃபிரேம் இடைவெளி இருக்கிறது. ஒரு கிளிப்பைச் சற்றே குறைத்தபோது அடுத்தது அதனுடன் வந்து ஒட்டாமல் நின்றதால் உண்டான இடைவெளி அது. முழு டைம்லைனும் திரையில் தெரியும் அளவுக்குச் சுருக்கி வைத்திருக்கும்போது அது கோடாகக்கூடத் தெரியாது; காணொளியிலோ 40 மில்லிநொடி நேரம் கறுப்பாகக் கண்சிமிட்டிச் செல்லும். பார்ப்பவருக்கு ஏதோ துடித்ததுபோல் இருக்கும், இன்னதென்று சொல்லத் தெரியாது. உங்களுக்கும் அப்படித் தோன்றிய இடம் எதுவாயினும், 'கண் சிமிட்டியிருப்பேன்' என்று கடந்து போகாமல் குறித்துக்கொண்டு, பிறகு ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்க்க வேண்டும். கறுப்பு ஃபிரேம்களை மட்டும் கண்டுபிடிக்க, ffmpeg என்ற கட்டளைவரி மென்பொருளை வைத்திருப்பவர்களுக்குக் கீழ்க்காணும் கட்டளை உதவும்.

```
ffmpeg -i final.mp4 -vf blackdetect=d=0.03:pix_th=0.10 -an -f null -
```

கறுப்பு தொடங்கும் நேரம் black_start என்றும், முடியும் நேரம் black_end என்றும் திரையில் வரும். நீங்களே வேண்டுமென்று வைத்த கறுப்பு இடைவெளிகளும் அந்தப் பட்டியலில் வரும் என்பதால் ஒவ்வொன்றையும் போய்ப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இந்தக் கட்டளைக்கு ஒரு வரம்பும் உண்டு: வெட்டு ஒரு ஃபிரேம் பிந்தி விழுந்ததால் மூலப் பதிவிலிருந்த அடுத்த காட்சியின் ஒரு ஃபிரேம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால், அது கறுப்பு இல்லை என்பதால் இதில் அகப்படாது. அதற்குக் கண்தான் துணை.

ஒலியில் நடக்கும் தவறு இதைவிட ஆபத்தானது என்பேன். ஏனெனில் எடிட் செய்பவரின் ஹெட்போனில் எல்லாம் சரியாகவே கேட்கும். பேசுபவரின் மைக்கை, அதற்குப் பொருந்தாத கேபிள் மூலம் கேமராவின் ஸ்டீரியோ உள்ளீட்டில் செருகிவிட்டால், ஒரே குரல் இடது பக்கத்தில் நேராகவும் வலது பக்கத்தில் தலைகீழான அலையாகவும் பதிவாகிவிடக்கூடும். ஹெட்போனில் ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியே ஒலி போவதால் குரல் கேட்கிறது. ஆனால் அது நடுவில் நிற்காமல் தலைக்குள் பரவிக் கிடப்பதுபோல் இருக்கும். அதே காணொளியை ஒற்றை ஸ்பீக்கர் உள்ள கைபேசியில் போட்டால் இரண்டு பக்கமும் ஒன்றாகக் கூட்டப்பட்டு, ஒன்றையொன்று அழித்து, குரல் ஏறக்குறைய மறைந்துபோகும். பின்னணி இசை மட்டும் தாராளமாக ஓடிக்கொண்டிருக்கும். 'பேச்சே கேட்கவில்லை' என்று வாடிக்கையாளர் சொல்வதும், 'எனக்கு நன்றாகக் கேட்கிறதே' என்று எடிட்டர் சொல்வதும், இருவர் சொல்வதும் உண்மையாகவே இருப்பதும் இதனால்தான். கண்டறியும் வழி எளிது. கைபேசியின் அணுகல்தன்மை அமைப்புகளில் மோனோ ஒலியை இயக்கி, காணொளி முழுவதையும் ஒருமுறை கேட்டால் போதும். பிழை இருந்தால் அந்தக் கிளிப்பின் ஒரு பக்க ஒலியை மட்டும் எடுத்து இரு பக்கத்துக்கும் கொடுத்துவிடலாம்.

உதட்டசைவும் குரலும் பொருந்துகின்றனவா என்பதைத் தொடக்கத்தில் மட்டும் பார்ப்பதும் தவறு. கைபேசியில் எடுத்த பதிவுகளில் ஃபிரேம் வேகம் பெரும்பாலும் நிலையாக இருப்பதில்லை. சில மென்பொருள்கள் அதைத் தவறாகக் கணக்கிடும்போது, முதல் நிமிடத்தில் சரியாக இருந்த பேச்சு பத்தாம் நிமிடத்தில் உதட்டை விட்டு விலகிவிடும். நீண்ட கிளிப்பின் கடைசிப் பகுதியில் 'ப', 'ம' போன்ற, உதடு மூடி ஒலிக்கும் எழுத்துகளைக் கவனித்தால் விலகல் உடனே தெரியும்.

திரையில் வரும் எழுத்துகளுக்கு ஒலியை அணைத்துவிட்டுத் தனியாக ஒரு பார்வை தேவை. குரல் கேட்டுக்கொண்டிருக்கும்போது, எழுதியிருப்பதை விடுத்து, காதில் விழுந்ததையே படித்ததாகக் கண் நினைத்துக்கொள்கிறது. பெயர்கள், பதவிகள், தொலைபேசி எண்கள், இணைய முகவரிகள் ஆகியவற்றை நினைவிலிருந்து சரிபார்க்காமல், வாடிக்கையாளர் எழுத்தில் அனுப்பிய மூலத்தைப் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட வேண்டும். தமிழ் எழுத்துரு சில மென்பொருள்களில் உடைந்து, 'கொ' என்பதில் உள்ள ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு முன் வராமல் பின்னால் போய் நிற்கும். அதையும் இந்தப் பார்வையில்தான் பிடிக்க முடியும்.

இத்தனையும் முறையாகச் செய்தவர்கள்கூடச் சறுக்கும் இடம், திருத்தத்துக்குப் பிந்தைய எக்ஸ்போர்ட். திருத்திய இடத்தை மட்டும் பத்து நொடி பார்த்துவிட்டு அனுப்பத் தோன்றும். ஆனால் மேற்சொன்ன காணொளியில், 4ஆம் நிமிடத்தில் பேசுபவர் தடுமாறிய ஒரு சொல்லை 12 ஃபிரேம் அளவுக்கு வெட்டி, மீதியை முன்னால் இழுத்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். படமும் குரலும் சேர்ந்தே நகர்ந்துவிடும். முந்தைய பதிப்புக்காக எடுத்துவைத்த தனி எஸ்.ஆர்.டி. சப்டைட்டில் கோப்பு நகராது. அங்கிருந்து கடைசி வரை ஒவ்வொரு வரியும் 0.48 நொடி தாமதமாக வரும்; இத்தகைய வெட்டு மூன்று இருந்தால் தாமதம் ஏறக்குறைய ஒன்றரை நொடியாகும். ஆகவே காணொளியின் நீளத்தை மாற்றிய எந்தத் திருத்தத்துக்குப் பிறகும் சப்டைட்டில் கோப்பைப் புதிதாக எடுத்து, அந்த வெட்டிலிருந்து கடைசி நொடி வரை மீண்டும் பார்த்தாக வேண்டும். நீளம் மாறாமல் ஓர் எழுத்துப் பிழையை மட்டும் திருத்தியிருந்தால், அந்த இடத்தைப் பார்ப்பதோடு, மொத்த நீளம் முன்பிருந்ததே என்பதையும், தொடக்கமும் முடிவும் வெட்டுப்படவில்லை என்பதையும் உறுதி செய்த பிறகு அனுப்பலாம். அனுப்பும் கோப்புறையில் பழைய பதிப்பு எதுவும் கிடக்கக் கூடாது.