கீமோ முடிந்த மறுநாள் வெள்ளை அணு ஊசி: நேரத்தைக் கணக்கிடுவது எப்படி?

இங்கே சொல்வது, கீமோவால் குறையும் வெள்ளை அணுக்களைக் கூட்டப் போடும் பெக்ஃபில்கிராஸ்டிம் ஊசியைப் பற்றி. பெரியவர்களுக்கு ஒரு கீமோ சுற்றுக்கு ஒரே முறை, 6 மி.கி. மருந்து நிரப்பிய சிரிஞ்சாக வரும். தினமும் போடும் ஃபில்கிராஸ்டிம் வேறு மருந்து. பெயர்கள் ஒலியில் நெருக்கமானவை என்பதால், முதலில் பெட்டியையும் மருந்துச்சீட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதல் படி, கீமோ முடிந்த நேரத்தை எழுதிக்கொள்வது. முடிந்து 24 மணி நேரம் கழிந்த பிறகுதான் ஊசி போட வேண்டும். தொடங்கிய நேரம் கணக்கில் வராது. செவ்வாய் காலை 11 மணிக்கு ஏற்றத் தொடங்கிய மருந்து மாலை 4.30க்கு முடிந்தது என்றால், புதன் மாலை 4.30 வரை ஊசி போடக் கூடாது. அன்று 6 மணி என்று வைத்துக்கொள்வது நல்லது. சிலர் இடுப்பில் பம்ப்புடன் வீட்டுக்கு வருவார்கள். உள்ளே மருந்து இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும். அவர்களுக்குப் பம்ப்பைக் கழற்றிய நேரத்திலிருந்துதான் 24 மணி நேரம்.

இந்த இடைவெளிக்குக் காரணம் உண்டு. கீமோ மருந்து, வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்கும். இந்த ஊசியோ எலும்பு மஜ்ஜையின் செல்களை வேகமாகப் பிரியச் சொல்லும். அவசரப்பட்டுப் போட்டால், புதிதாகப் பிரியும் செல்களே கீமோவுக்கு இரையாகி, வெள்ளை அணுக்கள் இன்னும் குறையலாம். "மறுநாள்தானே" என்று காலை 8 மணிக்கே போட்டுவிடுவதுதான் எளிதில் நேரும் பிழை. அப்படி நேர்ந்தாலோ, குறித்த நேரம் தவறிவிட்டாலோ, உடனே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். ஈடுகட்ட இரண்டாவது ஊசி போடாதீர்கள்.

ஊசியை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள். ஃபிரீசரில் வைக்கக் கூடாது. நம் கணக்கில் 5.30க்கு வெளியே எடுத்தால், அரை மணி நேரத்தில் குளிர் விட்டு, வலி குறையும். வெந்நீரில் சூடாக்கவோ குலுக்கவோ வேண்டாம். மருந்து கலங்கியிருந்தால் போடாதீர்கள்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வயிற்றிலோ, தொடையின் முன்புறத்திலோ இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து உலர விடுங்கள். தோலை மடித்துப் பிடித்து, செவிலியர் காட்டித்தந்த கோணத்தில் குத்தி, மருந்து முழுவதும் இறங்கும்வரை மெதுவாக அழுத்துங்கள். பிறகு தேய்க்க வேண்டாம்.

அடுத்த சில நாட்களில் இடுப்பு, முதுகு எலும்புகள் வலிக்கலாம். இடது மேல்வயிறோ இடது தோளோ கடுமையாக வலித்தால் அது மண்ணீரல் தொடர்பானதாக இருக்கக்கூடும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எலும்பு வலிக்கு மருத்துவர் பாராசிட்டமால் எழுதியிருந்தால், ஒவ்வொரு முறையும் மாத்திரைக்கு முன் காய்ச்சலை அளந்துவிடுங்கள். மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், நள்ளிரவானாலும் மாத்திரை கொடுத்துக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.