'செய்தோம்' என்று எழுதினால் நீங்கள் எங்கே? அப்ரைசலில் குழு வேலையை எழுதுவது எப்படி

அப்ரைசல் படிவத்தில் முதல்முறை எழுதுபவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒரு பக்கம் சாய்கிறார்கள். ஒன்று, எல்லாவற்றையும் 'செய்தோம்' என்று எழுதிவிட்டுத் தாங்கள் காணாமல் போய்விடுவார்கள், இல்லை ஆறு பேர் இழுத்த தேரைத் தனியாக இழுத்ததுபோல் எழுதுவார்கள். இதைவிட மோசமானது ஒன்று உண்டு: 'மேம்படுத்தப்பட்டது', 'குறைக்கப்பட்டது'. தமிழில் வினையின் கடைசி எழுத்தே செய்தது நானா நாங்களா என்று சொல்லிவிடும். ஆனால் '-ப்பட்டது' போட்டால் ஆளே இல்லை, வேலை தானாக நடந்ததுபோல் ஆகிவிடும்.

ஒரு உதாரணத்தை வைத்தே போகலாம். கணக்குப் பிரிவில் ஆறு பேர். மாதக் கணக்கை முடிக்க 9 நாள் ஆனது, இப்போது 4 நாளில் முடிகிறது. அதில் உங்கள் வேலை சப்ளையர் பில்களைச் சரிபார்ப்பது. நீங்கள் முதலில் எழுதியது இது:

"மாதக் கணக்கு முடிக்கும் நேரம் 9 நாளிலிருந்து 4 நாளாகக் குறைக்கப்பட்டது. இதில் முக்கியப் பங்காற்றினேன்."

படி 1: யார் என்ன செய்தார்கள் என்று தனித்தாளில் எழுதுங்கள். இது யாருக்கும் காட்ட அல்ல, உங்களுக்கு. வங்கிக் கணக்கு ஒப்பிடுவதை ஒரு சக ஊழியர் தானியங்கியாக்கினார். மற்ற பிரிவுகள் பில் அனுப்பும் கடைசித் தேதியை முன்னே கொண்டுவர மேனேஜர் பேசிச் சம்மதம் வாங்கினார். நீங்கள் பில் சரிபார்ப்பை 3 நாளிலிருந்து 1 நாளாக்கினீர்கள். புது முறைக்கு மாறிய இரண்டு மாதமும் மற்ற மூவர் பழைய முறையையும் சேர்த்து ஓட்டினார்கள், இதை எழுத மறந்துவிடுவோம், ஆனால் அவர்கள் இல்லாவிட்டால் அந்த இரண்டு மாதம் கவிழ்ந்திருக்கும்.

படி 2: எண்ணைப் பிரியுங்கள். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். 9-லிருந்து 4 என்பது குழுவின் எண், 3-லிருந்து 1 என்பது உங்கள் எண். இரண்டையும் எழுதலாம், ஆனால் ஒன்றை இன்னொன்றின் இடத்தில் வைக்கக் கூடாது. 'குறைந்த 5 நாளில் 2 நாள் என்னால்' என்று கழித்துப் பார்க்கவும் அவசரப்படாதீர்கள். பில் சரிபார்ப்பும் வங்கி ஒப்பீடும் ஒரே நேரத்தில் நடந்தால், நீங்கள் மிச்சப்படுத்திய 2 நாள் மொத்தத்தில் 2 நாளாக வராமல் போகலாம். உங்கள் வேலை முடிந்தால்தான் அடுத்தவர் தொடங்க முடியும் என்ற நிலை இருந்தால் மட்டும் அந்தக் கணக்கு சரி. சந்தேகமா? உங்கள் பகுதியின் எண்ணோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 3: மழுப்பும் வினைகளை மாற்றுங்கள். 'பங்காற்றினேன்', 'ஈடுபட்டேன்', 'உறுதுணையாக இருந்தேன்' எல்லாம் டீ வாங்கிக் கொடுத்ததற்கும் பொருந்தும். என்ன செய்தீர்கள், கண்டுபிடித்தீர்களா, வடிவமைத்தீர்களா, சோதித்தீர்களா, பிறருக்குக் கற்றுக் கொடுத்தீர்களா? இந்த உதாரணத்தில் உங்கள் உண்மையான வேலை ஒரு கண்டுபிடிப்பு: மெயிலில் வந்த பில்லும் காகிதத்தில் வந்த அதே பில்லும் இரண்டு தடவை பதிவாகிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து, பதியும்போதே பில் எண்ணைச் சரிபார்க்கும் முறையைக் கொண்டுவந்தீர்கள். முதலில் எழுதிய இரண்டு வரியில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை, பாருங்கள்.

படி 4: திருப்பி எழுதுங்கள். முதல் வாக்கியம் '-ஓம்', அடுத்தது '-ஏன்', பிறகு மற்றவர்கள்.

"ஆறு பேர் கொண்ட குழுவாக மாதக் கணக்கு முடிக்கும் நேரத்தை 9 நாளிலிருந்து 4 நாளாகக் குறைத்தோம். அதில் சப்ளையர் பில் சரிபார்ப்பு என் பொறுப்பு. ஒரே பில் இரண்டு முறை பதிவாவதைக் கண்டறிந்து, பதியும்போதே தடுக்கும் முறையை அமைத்தேன். அந்தப் பகுதி 3 நாளிலிருந்து 1 நாளானது. வங்கி ஒப்பீட்டைத் தானியங்கியாக்கியதும் பில் தேதியை முன்னே நகர்த்தியதும் மாறும்போது பழைய முறையையும் சேர்த்து ஓட்டியதும் குழுவின் மற்றவர்கள்."

அப்ரைசலில் கடைசி வரியில் பெயர்களையே போடுங்கள், மேனேஜருக்கு அவர்களைத் தெரியும். ரெஸ்யூமேயில் பெயர் வேண்டாம், அந்த வரியையே எடுத்துவிடலாம். 'ஆறு பேர் கொண்ட குழுவாக', 'அதில்' என்ற சொற்களே எல்லையைக் காட்டிவிடும். அவற்றை மட்டும் வெட்டாதீர்கள்.

படி 5: அந்தக் குழுவில் இருந்த ஒருவரிடம் காட்டுங்கள். நண்பரிடம் அல்ல, வங்கி வேலையைச் செய்தவரிடமே. அவர் முகம் சுளித்தால் எந்தச் சொல்லில் சுளிக்கிறார் என்று கேளுங்கள், பெரும்பாலும் 'தலைமையேற்று' மாதிரி ஒரு சொல்லாக இருக்கும். சில நேரம் தலைகீழாகவும் நடக்கும்: "அந்த முறையை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நீங்கள்தானே, அதை ஏன் எழுதவில்லை?" என்பார். சரி, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.