வெயிலில் போன் திரை தெரியவில்லையா? முதலில் டெம்பர் கிளாஸைப் பாருங்கள்

பிரைட்னஸ் கோட்டைக் கடைசி வரை தள்ளியும் வெயிலில் திரை மங்கலாகவே இருக்கிறதா? டிஸ்ப்ளே போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பல போன்களில் நாம் கையால் வைக்கும் முழு வெளிச்சத்துக்கு மேலேயும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருக்கும். ஆட்டோ பிரைட்னஸ் ஆன் ஆகியிருந்து, வெளியே கடும் வெயில் என்று சென்சார் சொன்னால் மட்டுமே போன் அதை எடுத்துவிடும். டெம்பர் அந்தச் சென்சாரை மூடியிருந்தால் போனுக்கு எப்போதும் இருட்டுதான்.

அந்தச் சென்சார் பெரும்பாலும் திரையின் மேல் விளிம்பில், காது வைக்கும் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இருக்கும். சில போன்களில் திரைக்கு அடியிலேயே இருக்கும்.

முதலில் Settings-இல் Display போய் Adaptive brightness-ஐ ஆன் செய்யுங்கள். பேட்டரி சேவரை ஆஃப் செய்துவிடுங்கள், அதுவும் வெளிச்சத்தைக் குறைக்கும். பிறகு மங்கலான அறையில் நின்று, மேலிருந்து திரையை இழுத்து பிரைட்னஸ் கோடு தெரியும்படி வையுங்கள். இன்னொரு போனின் டார்ச்சை மேல் விளிம்பில் இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்துங்கள். சென்சார் இருக்கும் இடத்தில் வெளிச்சம் பட்டதும் கோடு தானாக வலப்பக்கம் ஏறும். டார்ச்சை எடுத்தால் உடனே இறங்காது, சில நொடி பொறுங்கள். எங்கே காட்டினாலும் கோடு அசையவில்லை என்றால் டெம்பர் மேல் சந்தேகப்படலாம்.

சாம்சங் வைத்திருப்பவர்களுக்கு எண்ணிலேயே பார்க்க வழி உண்டு. டயல் பேடில் இதை அடித்து, Sensor-ஐத் தொடுங்கள்:

```
*#0*#
```

Light Sensor என்ற இடத்தில் வெளிச்சத்தின் அளவு lux கணக்கில் ஓடும். வீட்டுக்குள் சில நூறு, நேர் வெயிலில் பல ஆயிரங்களைத் தாண்ட வேண்டும்.

கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டிக்கு பெங்களூரா ரக லோடு கொண்டுபோகும் என் சித்தப்பாவின் போனில், உச்சி வெயிலிலும் அது நூறைத் தாண்டவில்லை. பணம் வந்ததா என்று பார்க்க, துண்டைத் தலையோடு போர்த்திக்கொள்வார். அவர் ஒட்டியிருந்தது வேறு மாடலுக்கான டெம்பர். அதன் கறுப்பு ஓரம் சரியாகச் சென்சார் மேல் உட்கார்ந்திருந்தது. மூலையில் நகம் கொடுத்து மெதுவாக உரித்து, அந்த இடத்தை மெல்லிய துணியால் துடைத்ததும் எண் ஆயிரங்களில் ஏறியது, திரையும் பளிச்சென்று ஆனது.

புதிது வாங்கும்போது மாடல் பெயரைச் சரியாகச் சொல்லி, மேல் ஓரம் கறுப்பில்லாத தெளிவான கண்ணாடியைக் கேளுங்கள். பக்கத்தில் இருப்பவர் பார்க்க முடியாத பிரைவசி டெம்பர் வெயிலுக்கு ஆகாது. சென்சாரை மறைக்காவிட்டாலும் திரையின் ஒளியை அதுவே குடித்துவிடும்.

டெம்பரை எடுத்தும் எண் ஏறவில்லையா? முன்பு எப்போதாவது டிஸ்ப்ளே மாற்றியிருந்தால், சென்சார் இடம் மாறி ஒட்டப்பட்டிருக்கலாம். அது சர்வீஸ் கடை வேலை. முதலில் பளிச்சென்று இருந்து சில நிமிடத்தில் மங்கினால் கதையே வேறு: போன் சூடாகித் தன்னைக் காத்துக்கொள்கிறது. பைக் ஹோல்டரிலிருந்து எடுத்து நிழலில் வையுங்கள், போதும்.