ராத்திரி ஷிஃப்டும் ரெண்டு மணிப் பரோட்டாவும்

வாளையார் தாண்டி கஞ்சிக்கோட்டு இரும்பு ஆலைகளுக்கு ராத்திரி வேலைக்குப் போகிற நம்ம ஆட்கள் பலர் வீட்டில் சரியாகச் சாப்பிடாமலே கிளம்புகிறார்கள். கேட்டால், "சாப்பிட்டா தூக்கம் வருதுண்ணா" என்பார்கள். முதல் தவறே அதுதான். பட்டினியாகப் போகிறவருக்கு ரெண்டு மணிக்குப் பசி தாங்காது. தட்டுக்கடையில் நாலு பரோட்டா, மாட்டுக்கறி, ஆம்லெட், மேலே ஒரு டீ என்று ஆகிவிடும்.

விழித்திருந்தாலும் உடம்புக்கு அது ராத்திரிதான். கணையம் அந்த நேரத்தில் மந்தமாக இருக்கும். இன்சுலின் பகலில் வேலை செய்வதுபோல் செய்யாது. அதே பரோட்டாவைப் பகலில் தின்பதைவிட ராத்திரியில் தின்றால் ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக ஏறும். இரைப்பையும் மெதுவாகத்தான் காலியாகும். அதனால்தான் நாலு மணிக்குக் கண் சொக்குகிறது. காலையில் படுத்ததும் நெஞ்செரிகிறது.

பத்து மணி முதல் ஆறு மணி வரை ஷிஃப்ட் என்று வைத்துக்கொள்வோம். முக்கியச் சாப்பாட்டை ஏழரை, எட்டு மணிக்கே வீட்டில் முடித்துவிடுங்கள். சோறு அளவாக, கூடவே பொரியல், முட்டை அல்லது மீன். தூக்கம் வரும் என்ற பயம் குவித்து வைத்த சோற்றுக்குத்தான் பொருந்தும். பன்னிரண்டு மணி வாக்கில் பசித்தால் ஒரு கிண்ணம் சுண்டல், அல்லது ரெண்டு அவித்த முட்டை, இல்லாவிட்டால் ஒரு வாழைப்பழம். அதன்பிறகு விடியும்வரை தண்ணீர் போதும். உலைப் பக்கம் நிற்கிறவர்கள் அதை நிறையவே குடிக்க வேண்டும்; வியர்வையால் வரும் அசதியைப் பசி என்று நினைத்துவிடுவது சகஜம்.

டீ குடிக்கலாம், ஆனால் ரெண்டு மணிக்குள். அதில் உள்ள காஃபின் பாதி கரையவே சுமார் அஞ்சு மணி நேரம் ஆகும். நாலரை மணிக்கு அடிக்கிற கட்டன் சாயா ஏழரைத் தூக்கத்தைத்தான் கெடுக்கும். ஒவ்வொரு டீயிலும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் அஞ்சு டீக்குப் பத்து ஸ்பூன். தொப்பைக்குப் பரோட்டாவை மட்டும் குற்றம் சொல்ல முடியாது!

விடிந்து வீட்டுக்கு வந்ததும் பூரியும் கிழங்கும் வேண்டாம். வெறும் வயிற்றோடும் படுக்க வேண்டாம், பதினோரு மணிக்குப் பசி எழுப்பிவிடும். ரெண்டு இட்லி, சாம்பார் போதும். சாப்பிட்டதும் சாயாமல் குளியல், துணி என்று கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் இரண்டு மணி நேரமாவது விடுவது நல்லது. அவர்கள் அந்த இட்லியை ஷிஃப்ட் முடிந்ததும் அங்கேயே சாப்பிட்டுவிட்டு வண்டி ஏறலாம்.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் மட்டும் ராத்திரிச் சாப்பாட்டைத் தாங்களாகக் குறைக்கக் கூடாது. சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். நடுக்கமும் குளிர்ந்த வியர்வையும் வந்தால் அதுதான் அடையாளம். டாக்டரிடம் ஷிஃப்ட் நேரத்தைச் சொல்லி, மருந்து நேரத்தைச் சரிசெய்துகொண்ட பிறகே இந்த முறைக்கு மாற வேண்டும்.